அத்தியாயம் 7: கட்டை, வரிசை, அடுக்கு

ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு பெட்டியின் நீளம் 5, அகலம் 4, உயரம் 3 என்று சொல்லி அதன் கன அளவைக் கேட்டால், பேனாவை எடுக்காமலே 60 என்று சொல்லிவிடும். அதே பிள்ளையிடம், "ஏன் பெருக்கினே? கூட்டினா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். என் தங்கை மகள் சொன்ன பதில் இது: "பரப்புக்குப் பெருக்கினோம்ல பெரியம்மா, அது மாதிரிதான்." பரப்புக்கு ஏன் பெருக்கினோம் என்று கேட்டதும் அடுக்களைப் பக்கம் நழுவிவிட்டாள்.

இந்த அத்தியாயம் "ஏன் பெருக்கினே?" என்ற கேள்விக்கானது. 60 மரக்கட்டைகளும் ஓர் அட்டைப் பெட்டியும் போதும். அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் உட்கார்ந்தால், மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு பொருள்களை எண்ணுகின்றன என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். 5 என்பது ஒரு வரிசையில் உள்ள கட்டைகள். 4 என்பது ஓர் அடுக்கில் உள்ள வரிசைகள். 3 என்பது பெட்டியில் உள்ள அடுக்குகள். கட்டையையும் வரிசையையும் அடுக்கையும் ஒன்றோடொன்று கூட்ட முடியாது. பெருக்கல் ஏன் என்பதற்கு இதுதான் விடை. ஆனால் இதை முதல் நாளே வாயால் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் இதுவும் இன்னொரு மனப்பாடமாகிவிடும்.

கட்டைகளும் பெட்டியும்

மரக்கடையில் ஓர் இன்ச் சதுர ரீப்பர் 6 அடி வாங்கி, தச்சரிடம் கொடுத்து 64 துண்டுகளாக அறுத்து வாங்குங்கள். 60 வேலைக்கு, 4 தொலைந்துபோவதற்கு. இழைத்த ரீப்பர் ஓர் இன்சுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதனால் "ஒரு இன்ச் நீளத்துக்கு அறுங்க" என்று சொல்லக் கூடாது. ரீப்பரின் பருமனை ஸ்கேலால் அளந்து, அதே அளவுக்கு நீளத்தையும் அறுக்கச் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்த ரீப்பரின் பருமன் 2.5 செ.மீ. அதில் 64 துண்டுகளுக்கு 160 செ.மீ. வேண்டும். ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் தின்னும் மரம் 2 மி.மீ. என்று கணக்குப் பார்த்தால் இன்னும் 13 செ.மீ. ஆகும். 6 அடி என்பது சுமார் 183 செ.மீ. என்பதால் தாராளமாகப் போதும்.

கட்டை வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்து கட்டைகளை அறுத்த முகம் மேலே பார்க்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். பக்கத்தில் இன்னொரு ஐந்தை அறுத்த முகம் பக்கவாட்டில் இருக்கும்படி அடுக்குங்கள். இரண்டு கோபுரமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று அரைக் கட்டை அளவுக்கு உயர்ந்திருந்தால் அவை கனச்சதுரங்களே அல்ல. இரண்டாம் நாள் பெட்டியை நிரப்பும்போது கட்டை உள்ளே இறங்காமல் பாடமே கெட்டுப்போகும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். பிறகு இருபது இருபதாகப் பிரித்து மூன்று வண்ணம் பூசுங்கள். எங்கள் வீட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை.

பெட்டியைக் காலண்டர் அட்டையில் செய்யலாம். உள்ளளவு ஐந்து கட்டை நீளம், நான்கு கட்டை அகலம், மூன்று கட்டை உயரம் இருக்க வேண்டும். என் கட்டைக்கு அது 12.5, 10, 7.5 செ.மீ. நீளத்திலும் அகலத்திலும் மட்டும் 3 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கடைசிக் கட்டை இறங்காது, 5 மி.மீ.க்கு மேல் விட்டால் வரிசைகள் கோணலாகும். மேல்மூடி வேண்டாம்.

வாங்க வசதியில்லை என்றால் ஏணி பாம்பு விளையாட்டின் பகடைகளை வைத்துக்கூடச் செய்யலாம், எல்லாம் ஒரே அளவாக இருந்தால். சர்க்கரைக் கட்டி மட்டும் வேண்டாம். அது பெரும்பாலும் சரியான கனச்சதுரமாக இருக்காது. தவிர, எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.

முதல் நாள்: கட்டியதைப் பார்த்து எண்ணுவது

பிள்ளை வருவதற்கு முன்பே 60 கட்டைகளையும் இடைவெளி இல்லாமல், பெட்டிக்கு வெளியே, மேசைமேல் 5 × 4 × 3 ஆக அடுக்கி வையுங்கள். வண்ணங்களைக் கலந்து வையுங்கள்; அடுக்குகள் நிறத்தால் காட்டிக்கொடுக்கக் கூடாது. "இதுல மொத்தம் எத்தனை கட்டை இருக்கு? சுத்திப் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம். பிரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

வரும் விடையைச் சரி, தவறு என்று பார்க்காதீர்கள். அந்த எண் பிள்ளை எதை எண்ணியது என்பதைக் காட்டிக்கொடுக்கும். 5 × 4 × 3 என்ற அளவை நான் தேர்ந்ததற்குக் காரணமே இதுதான். இதில் ஒவ்வொரு தவறுக்கும் ஒரு தனி எண் வரும்.

- 47 என்றால், ஒரு மூலையிலிருந்து பார்க்கும்போது தெரியும் முகங்களை எண்ணியிருக்கிறது. முன்பக்கம் 15, மேலே 20, பக்கவாட்டில் 12.
- 94 என்றால், ஆறு பக்கத்து முகங்களையும் எண்ணியிருக்கிறது.
- 36 என்றால், ஒரு மூலையிலிருந்து தெரியும் கட்டைகளை மட்டும் கட்டைக்கு ஒரு முறையாக எண்ணியிருக்கிறது.
- 54 என்றால், வெளியே தெரியும் எல்லாக் கட்டைகளையும் எண்ணி, உள்ளே மறைந்திருக்கும் ஆறை விட்டிருக்கிறது.
- 12 என்றால், மூன்று எண்களையும் கூட்டியிருக்கிறது.

4 × 3 × 2 என்ற சின்ன அடுக்கை வைத்துத் தொடங்கலாமே என்று தோன்றும். அதில் கட்டைகள் 24, கண்ணுக்குத் தெரியும் முகங்கள் 26. முகத்தை எண்ணிய பிள்ளை நடுவில் இரண்டை விட்டுவிட்டால் 24 என்று சரியான விடை வந்துவிடும். நாமும் ஏமாந்துபோவோம்.

முகங்களை எண்ணுவது ஏதோ உங்கள் பிள்ளைக்கு மட்டும் உள்ள கோளாறு அல்ல. மைக்கேல் பாட்டிஸ்டா, டக்ளஸ் கிளமென்ட்ஸ் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மூன்றாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இப்படிக் கட்டை அடுக்குகளைக் கொடுத்துச் செய்த ஆய்வை 1996-இல் வெளியிட்டார்கள். பல பிள்ளைகள் அடுக்கை ஒரு நிறைந்த பொருளாகப் பார்க்காமல், ஒட்டிய பல முகங்களாகவே பார்த்தார்கள். மூலையில் உள்ள ஒரே கட்டையை இரண்டு, மூன்று முறை எண்ணிவிட்டு அது தெரியாமலே இருந்தார்கள்.

என் தங்கை மகள் சொன்னது 94. எப்படி எண்ணினாள் என்று கேட்டேன். முன்னும் பின்னும் முப்பது, மேலும் கீழும் நாற்பது, இரண்டு பக்கமும் இருபத்துநாலு என்று வரிசையாகச் சொன்னாள். மேல் மூலையில் இருந்த ஒரு கட்டையைக் காட்டினேன்.

"இந்தக் கட்டையை எப்போ எண்ணினே?"

"மேல எண்ணும்போது."

"முன்பக்கம் எண்ணும்போது?"

"அப்பவும்..." சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பக்கத்துல எண்ணும்போதும் எண்ணிட்டேன். ஒரே கட்டையை மூணு தடவை!"

அதோடு நிறுத்தாதீர்கள். மேல் அடுக்கை மெதுவாக எடுத்துவிட்டு, நடு அடுக்கின் உள்ளே, எந்தப் பக்கச் சுவரையும் தொடாமல் இருக்கும் ஆறு கட்டைகளைக் காட்டி, "இவங்களை எத்தனை தடவை எண்ணினே?" என்று கேளுங்கள். ஒரு முறைகூட இல்லை. சிலதை மூன்று முறை, சிலதை எண்ணவே இல்லை என்று பிள்ளை தன் வாயால் சொல்லிவிட்டால், "அப்போ வேற மாதிரி எண்ணணும்" என்பதும் அதன் வாயிலிருந்தே வரும். முதல் நாள் இதோடு போதும்.

இரண்டாம் நாள்: பெட்டியை நிரப்புவது

காலிப் பெட்டியைக் கொடுத்து, எத்தனை கட்டை பிடிக்கும் என்று முதலில் ஒரு மதிப்புச் சொல்லச் சொல்லுங்கள். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு நிரப்பவிடுங்கள்.

கொட்டி நிரப்பத் தொடங்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். இடுக்கில் கட்டை சாய்ந்து, முப்பது நாற்பதிலேயே பெட்டி நிறைந்துவிடும். அப்போது, "உள்ளே காத்து இருக்கிற இடமும் பெட்டியோட இடம்தானே?" என்று மட்டும் கேளுங்கள். கன அளவை அளக்கக் கோலிக்குண்டு வேண்டாம், கனச்சதுரம் வேண்டும் என்பதன் காரணமும் இதுவே. உருண்டை எப்படி அடுக்கினாலும் இடைவெளி விடும்; கனச்சதுரம் விடாது.

மறுமுறை ஒழுங்காக அடுக்கத் தொடங்கும். முதல் வரிசை முடிந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். "இப்போ எத்தனை கட்டை?" ஐந்து. "இது மாதிரி எத்தனை வரிசை போட்டா அடிப்பக்கம் நிறையும்?" நான்கு என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லும். "அப்போ அடியில எத்தனை?" சிலர் 5, 10, 15, 20 என்று எண்ணுவார்கள், சிலர் ஐந்நான்கு இருபது என்று வாய்ப்பாட்டில் சொல்வார்கள். இரண்டும் சரி. அடிப்பக்கத்தை நிரப்பி 20 என்று சரிபார்க்கட்டும்.

இப்போதுதான் முக்கியமான கேள்வி. அடியில் 20 கட்டை இருக்கிறது, மேலே பாதிக்கு மேல் காலி. "இன்னும் ஒரு கட்டைகூடப் போடாமல் மொத்தம் எவ்வளவு பிடிக்கும்னு சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். சொல்ல வேண்டுமானால் அந்த 20-ஐயும் ஒரே பொருளாகப் பிள்ளை பார்க்க வேண்டும். அந்தப் பொருளுக்கு இந்த இடத்தில் பெயர் வையுங்கள்: இது ஓர் அடுக்கு. தோசைக்கல்லில் சுட்டு எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் தோசை மாதிரி. முதல் தோசையில் எவ்வளவோ, அடுத்ததிலும் அவ்வளவுதான்.

சிலர் இங்கே தடுமாறுவார்கள். மேலடுக்கில் 20-க்குப் பதில் 15 அல்லது 16 என்பார்கள். கேட்டுப் பார்த்தால், மேலே போகப் போகக் குறையும் என்பார்கள். கொலுப்படியும் கோபுரமும் பார்த்துப் பழகிய கண் அது. பேச்சு வேண்டாம், இரண்டாம் அடுக்கை வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் நேர் கீழே ஒரு கட்டை இருப்பதைப் பார்த்ததும் தெளிந்துவிடும்.

அடுக்குக்கு ஒரு வண்ணமாகப் போடட்டும். முடிந்ததும் மூன்று நிற அடுக்குகள் தெரியும். 20, 40, 60. முதலில் எழுதி வைத்த மதிப்பை எடுத்து ஒப்பிடுங்கள். அன்றைய நாளை முடிக்கும்போது பிள்ளை ஒரு வாக்கியத்தைத் தன் நோட்டில் எழுதட்டும்: ஒரு வரிசையில் 5 கட்டை, ஓர் அடுக்கில் 4 வரிசை, பெட்டியில் 3 அடுக்கு. நீளம், அகலம், உயரம் என்ற சொற்கள் இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை நாளைக்கு.

மூன்றாம் நாள்: பத்தே கட்டை

காலிப் பெட்டியையும் பத்துக் கட்டைகளையும் மட்டும் கொடுங்கள். மீதி ஐம்பதை ஒளித்து வையுங்கள். "இந்தப் பத்தை வெச்சுக்கிட்டுப் பெட்டியில் எவ்வளவு பிடிக்கும்னு கண்டுபிடி." விடை 60 என்பது முன்பே தெரியும். இன்றைய கேள்வி, பத்துக் கட்டையால் அதை எப்படி நிரூபிப்பது என்பது.

சற்றுத் தடவிப் பார்த்தபின் நீளவாக்கில் ஐந்தை வைக்கும். பிறகு அதே மூலையிலிருந்து அகலவாக்கில் வைக்கும். பிறகு அதே மூலையில் மேலே ஏற்றும். ஐந்து, மூன்று, இரண்டு என்று பத்தும் சரியாக முடிந்துவிடும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் விழுவார்கள். என் தங்கை மகளும் விழுந்தாள்.

"அஞ்சு, மூணு, ரெண்டு. பெருக்கினா முப்பது." அவளுக்கே நம்பிக்கை இல்லை. "நேத்து அறுபதுதானே வந்துச்சு?"

மூலையில் இருக்கும் ஒரு கட்டைதான் குழப்பத்துக்குக் காரணம். நீளத்தை எண்ணும்போது அதை எண்ணிவிட்டோம், மறுபடி எண்ணக் கூடாது என்று பிள்ளை நினைக்கிறது. ஒரே கட்டையை மூன்று முறை எண்ணக் கூடாது என்று முதல் நாள் நாமே உணர்த்தினோம் அல்லவா? அந்தப் பாடத்தை நன்றாகப் படித்த பிள்ளைதான் இங்கே விழும். அதனால் திட்டுவதற்கு ஏதுமில்லை.

"மூலையையும் சேர்த்து எண்ணு" என்று விதி சொல்லிவிடுவது எளிது. ஆனால் காரணம் அதைவிட அழகானது. நான் அவளிடம் கேட்டது இது:

"அகலப் பக்கம் எண்ணும்போது கட்டையையா எண்ணறே, வரிசையையா?"

"வரிசையை."

"இந்த மூலையில ஒரு வரிசை ஆரம்பிக்குதா?"

"ஆமா. முதல் வரிசை."

"அப்போ அகலப் பக்கம் எத்தனை வரிசை?"

"நாலு." உடனே உயரத்தையும் அவளே திருத்தினாள். "கீழ இருக்கிறது முதல் அடுக்கு. அப்போ மூணு அடுக்கு."

அகலத்தில் நிற்கும் நான்கு கட்டைகளும் கட்டைகளாக எண்ணப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வரிசையின் தலைவாசலில் நிற்கும் அடையாளம். உயரத்தில் நிற்கும் மூன்றும் அடுக்குகளின் அடையாளம். மூலைக் கட்டை முதல் வரிசையின் முதல் கட்டையாகவும், முதல் வரிசையின் அடையாளமாகவும், முதல் அடுக்கின் அடையாளமாகவும் நிற்கிறது. மூன்று முறை எண்ணினாலும் மூன்று வெவ்வேறு பொருள்களைத்தான் எண்ணுகிறோம். முதல் நாள் தவறாக இருந்தது இன்று சரியாக இருப்பதன் காரணம் அதுதான்.

இப்போது பெயர்களைச் சொல்லலாம். வரிசையின் அளவுக்கு நீளம் என்று பெயர். எத்தனை வரிசை என்பதை அகலம் சொல்கிறது. எத்தனை அடுக்கு என்பதை உயரம் சொல்கிறது. உள்ளே அடங்கும் கட்டைகளின் மொத்தம்தான் கன அளவு. நோட்டில் நேற்றைய வாக்கியத்துக்குக் கீழே 5 × 4 × 3 = 60 என்று எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் யாராவது 12 என்று சொல்லியிருந்தால், இப்போது "5 கட்டை, 4 வரிசை, 3 அடுக்கு கூட்டினா 12 என்னது?" என்று கேளுங்கள். பன்னிரண்டு கட்டையும் இல்லை, பன்னிரண்டு வரிசையும் இல்லை. அந்த எண்ணுக்குப் பெயரே வைக்க முடியாது.

நான்காம் நாள்: பெட்டியைத் திருப்புவது

நிறத்துக்கு ஓர் அடுக்காக நிரம்பிய பெட்டியின் வாயை ஓர் அட்டையால் பிடித்துக்கொண்டு, அகலப் பக்கச் சுவர் தரையில் படும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். இப்போது அடியில் 4 × 3, உயரம் 5. "இப்போ எத்தனை பிடிக்கும்?" என்று கேட்டால் சில பிள்ளைகள், உயரம் கூடியிருக்கிறது, அதனால் அதிகம் என்பார்கள். கட்டையைச் சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்று நினைவூட்டுங்கள்.

இங்கே வண்ணம் உதவும். முன்பு படுத்திருந்த மூன்று நிற அடுக்குகளும் இப்போது சுவர்போல நிமிர்ந்து நிற்கின்றன. புதிய அடுக்கு ஒன்றில் ஒவ்வொரு நிறத்திலும் நான்கு, ஆக 12 கட்டைகள். அப்படி 5 அடுக்கு. அடுத்து நீளப் பக்கச் சுவரில் நிறுத்தினால், ஓர் அடுக்கில் நிறத்துக்கு ஐந்தாக 15 கட்டைகள், 4 அடுக்கு. 20 × 3, 12 × 5, 15 × 4 மூன்றுமே 60.

எண்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை மாறாது என்று பிள்ளை முன்பே படித்திருக்கும். இன்று அது பெட்டியைத் திருப்புவதாகக் கண்முன் நிற்கிறது. கூடவே, எது நீளம், எது அகலம் என்ற வாக்குவாதமும் ஓய்ந்துவிடும். எதை வேண்டுமானாலும் முதல் வரிசையாக வைத்துக்கொள்ளலாம். எந்த அடியில் நின்றாலும், அடியில் உள்ள கட்டைகளை அடுக்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். பாடநூலில் அடிப்பரப்பு × உயரம் என்று எழுதியிருப்பது இதைத்தான்.

ஐந்தாம் நாள்: கட்டையிலிருந்து ஸ்கேலுக்கு

இதுவரை சொன்ன 60-க்குப் பின்னால் "என் கட்டை" என்ற சொல் மறைந்திருக்கிறது. பகடையால் நிரப்பியிருந்தால் எண் வேறாக இருந்திருக்கும். எல்லோருக்கும் ஒரே எண் வர வேண்டுமானால் எல்லோரும் ஒரே கட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பக்கமும் 1 செ.மீ. உள்ள அந்தப் பொதுக் கட்டைக்குக் கன சென்டிமீட்டர் என்று பெயர்.

அந்தக் கட்டை கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்கேல் இருக்கிறது. அட்டையில் உள்ளளவு 6 செ.மீ., 4 செ.மீ., 2 செ.மீ. உள்ள ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுங்கள். நீளம் 6 செ.மீ. என்றால் அந்தப் பொதுக் கட்டைகள் வரிசைக்கு 6. அப்படி 4 வரிசை, 2 அடுக்கு. ஆக 48 கன செ.மீ. பிள்ளை விடையை மட்டும் சொன்னால் விடாதீர்கள். வரிசை, அடுக்கு என்று சொல்லச் சொல்லுங்கள்.

பிறகு அதே அடியில் உயரத்தை 2.5 ஆக்கிக் கேளுங்கள். இரண்டு முழு அடுக்குக்கு 48. மூன்றாவது அடுக்கில் பாதி உயரக் கட்டைகள்தான் நிற்கும். 24 பாதிகள் சேர்ந்தால் 12. மொத்தம் 60 கன செ.மீ. 6 × 4 × 2.5 என்று பெருக்கினாலும் அதே 60. தசம எண்ணில் எப்படிக் கட்டையை எண்ணுவது என்ற பயம் இந்த ஓர் அரை அடுக்கோடு தீரும்.

பழைய கட்டைக் குவியலையும் ஸ்கேலால் அளந்து பார்க்கலாம். 12.5 × 10 × 7.5 = 937.5 கன செ.மீ. பக்கம் 10 செ.மீ. உள்ள பெட்டியில் 1000 கன செ.மீ. அடங்கும், அதுவே 1 லிட்டர். ஆக எங்கள் 60 மரக்கட்டைகள் ஒரு லிட்டருக்கு 62.5 மி.லி. குறைவான இடத்தைப் பிடிக்கின்றன.

ஓர் எச்சரிக்கை: பெரிய கட்டை

எட்டுக் கட்டைகளை 2 × 2 × 2 ஆகச் சேர்த்துச் செல்லோடேப் ஒட்டி ஒரு பெரிய கட்டை செய்யுங்கள். இப்படி நான்கு வேண்டும். பக்கம் இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு என்பது இதிலேயே தெரிந்துவிடும். ஜெர்மனியில் குழந்தைத் தோட்டத்தை உருவாக்கிய ஃப்ரோபெல் தன் மூன்றாவது 'பரிசு'ப் பெட்டியில் வைத்ததும் இதே எட்டாகப் பிரியும் கனச்சதுரம்தான்.

இப்போது கேளுங்கள்: "60 பிடிக்கிற பெட்டியில் இந்தப் பெரிய கட்டை எத்தனை பிடிக்கும்?" கெட்டிக்காரப் பிள்ளை 60-ஐ 8-ஆல் வகுத்து ஏழரை, அதனால் 7 என்று சொல்லும். வைக்கச் சொல்லுங்கள். நான்குக்கு மேல் ஒன்றுகூட இறங்காது. நீளத்தில் ஐந்துக்கு இரண்டு பெரிய கட்டை, ஓரத்தில் ஒரு கட்டை அகலம் வீண். அகலத்தில் சரியாக இரண்டு வரிசை. உயரத்தில் மூன்றுக்கு ஓர் அடுக்குதான், மேலே ஒரு கட்டை உயரம் வீண். 2 × 2 × 1 = 4. பெட்டியில் 28 சின்னக் கட்டைக்கான இடம் காலியாகவே கிடக்கும்.

கன அளவுகளை வகுத்து விடை சொல்வது, சின்னப் பொருளின் பக்கங்கள் பெட்டியின் பக்கங்களை மீதமின்றி வகுக்கும்போது மட்டுமே நிச்சயம். அட்டைப்பெட்டியில் எத்தனை சோப்பு அடங்கும் என்ற வகைக் கணக்குகளில் பிள்ளைகள் இதில்தான் தவறுவார்கள். வகுத்தல் கைவிட்டாலும் வரிசை, அடுக்கு கைவிடாது.

கற்றுக்கொண்டதை அறிவது

ஒரு வாரம் கழித்து, கட்டையையும் பெட்டியையும் கண்ணில் காட்டாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு பெட்டியோட அடியில ஓர் அடுக்குக்கு 24 கட்டை பிடிக்குது. 5 அடுக்கு உயரம். மொத்தம் எத்தனை?"

120 என்று உடனே சொன்னால் பாடம் முடிந்தது. "நீளம், அகலம் எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே" என்று திருப்பிக் கேட்டால், பிள்ளையிடம் இருப்பது சூத்திரம் மட்டுமே. இரண்டாம் நாளுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் பெட்டியை நிரப்புங்கள்.